ஆறு கைதிகள், எல்லோரும் ஆண்கள்

1975-இல் வெளிவந்த ‘பல்லாண்டு வாழ்க’ படத்தை முதுகலை மாணவியரோடு சேர்ந்து மறுபடி பார்த்தேன். கொடுங்குற்றம் புரிந்த ஆறு கைதிகளை ஒரு சிறை அதிகாரி மதில்சுவருக்கு வெளியே அழைத்துப்போகிறார். விலங்கு இல்லை, காவல் இல்லை. தரிசு நிலத்தைத் திருத்தி உழுது அவர்கள் மனிதர்களாகிறார்கள். அதிகாரியாக எம்.ஜி.ஆர். கைதிகளில் நம்பியார், வீரப்பா, மனோகர் என்று தமிழ்ப்படங்களின் வில்லன் வரிசையே இருக்கிறது. படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அந்த ஆறு பேர்ல ஒரு பொம்பள இருந்திருந்தா கதை எப்படிப் போயிருக்கும் மேடம்?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி படத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று பட்டது.

இந்தப் படத்தின் மூலம் வி. சாந்தாராமின் ‘தோ ஆங்கே பாரஹ் ஹாத்’ (1957). இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள் என்று பொருள். அதற்கும் முன்னால் ஒரு நிஜம் உண்டு. 1930-களின் இறுதியில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் என்னும் சிறு சமஸ்தானத்தில், சுதந்திரபுர் என்ற பெயரில் கைதிகள் குடியேற்றம் ஒன்று உருவானது. அதில் ஈடுபட்டவர் மோரிஸ் ஃப்ரீட்மன் என்ற போலந்துக்காரர். நம்மூர்க்காரர்களுக்கு அவரை ரமணாச்சிரமத்தோடு சேர்த்துத்தான் தெரியும். கைதியைப் பூட்டிவைக்காமல் நம்பி வேலை கொடுத்தால் அவன் ஓடமாட்டான் என்பதுதான் அந்தச் சோதனையின் அடிப்படை. அது பெருமளவு பலித்தது. பின்னர் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் திறந்தவெளிச் சிறைகள் வந்தபோதும் இதே நம்பிக்கைதான் அவற்றைத் தாங்கியது.

அந்த நம்பிக்கையில் எனக்குக் குறையில்லை. அது யாரை மனத்தில் வைத்து உருவானது என்பதில்தான் குறை. இந்திப் படத்தில் அந்த ஆறு ஆண்களுக்கு நடுவே வந்துபோகும் பெண், பொம்மை விற்கும் சம்பா. தமிழில் அந்த இடத்தில் லதா. அவள் கைதி அல்ல, வெளியே இருந்து வருகிறவள். அவள் வரும்போது கைதிகளின் பார்வை எங்கே போகிறது, பிறகு எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் திருந்திவிட்டார்களா என்று நாம் அளக்கிறோம். ஆணின் சீர்திருத்தத்துக்குப் பெண் ஒரு பரீட்சைத் தாள். அவளே குற்றம் செய்து, அவளே திருந்தவேண்டியவளாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் நுழைவதற்கு வாசலே இல்லை.

சினிமாவை விடுங்கள். விதிப்புத்தகத்தில் வாசல் இருக்கிறதா?

ஒரு பெண் சிறைக்கு வருகிறாள் என்றால் முதலில் நடப்பது பதிவு. வாரண்டைப் பார்த்து விசாரணைக் கைதியா தண்டனைக் கைதியா என்று எழுதுவார்கள். தண்டனை கடுங்காவலா, மெய்க்காவலா? முதல் குற்றமா, ‘வழக்கக் குற்றவாளி’யா? வயது என்ன, உடல்நிலை என்ன, உடன் குழந்தை உண்டா? அண்மைக்காலம் வரை சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. இந்தக் கட்டங்களை நிரப்புவதற்குப் பெயர்தான் வகைப்படுத்துதல். அவள் எந்தத் தொகுதியில் படுப்பாள், என்ன வேலை செய்வாள், எந்தச் சலுகைக்கு மனுப் போட முடியும் என்பதெல்லாம் இந்தக் கட்டங்களிலிருந்தே கிளைக்கின்றன. சீர்திருத்தம் பற்றிய பாடநூல்கள் வகைப்படுத்துதலை ஒரு மருத்துவச் செயல்போலச் சொல்லும்: நோயைக் கண்டறிந்து அதற்கேற்ற மருந்து தருவது. நடைமுறையில் அது பெரும்பாலும் கைதிக்கு என்ன தேவை என்று கேட்பதில்லை, அவள் எங்கிருந்து வந்தவள் என்றே கேட்டது.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். பத்திரிகையாளரான அவர் பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளைப் புரட்டிப் பார்த்து எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த வழக்கு அது. மேற்கு வங்கக் கையேட்டில் சமையலுக்குத் ‘தகுந்த சாதி’க் கைதி வேண்டும் என்றிருந்தது. துப்புரவுக்கு எந்தெந்தச் சாதி என்று பெயரோடு இருந்தது. உத்தரப் பிரதேசக் கையேட்டில் மெய்க்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாது என்றொரு விதி. நல்ல விதிதான். ஆனால் அத்தகைய வேலை ‘பழக்கப்பட்ட’ சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் தரலாம் என்று அதற்கொரு வால். அலைந்து திரியும் இனத்தாருக்குத் தப்பியோடும் சுபாவம் இயல்பிலேயே உண்டு என்ற எண்ணத்தில் அவர்களை இரவுக் காவல் பொறுப்பிலிருந்து விலக்கிய விதியும் இருந்தது. வெள்ளைக்காரன் எழுதிப்போன குற்றப்பரம்பரைச் சட்டம் 1952-இல் நீங்கியது. அதன் ஆவி சிறைக் கையேட்டில் மேலும் எழுபது ஆண்டு குடியிருந்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகத் தொகுதிகள் பிரித்திருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறோம் என்பது நம் மாநிலத்தில் முன்பு சொல்லப்பட்ட சமாதானம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது.

அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள், அதன் வெளிச்சத்தில் பெண்கள் அத்தியாயத்தையும் ஒருமுறை படித்திருக்கலாம். மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு பெண் கைதிகளை எப்படிப் பிரித்து வைக்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில், வழக்கக் குற்றவாளிகளையும் பாலியல் தொழிலாளிகளையும் விடுதி நடத்துபவர்களையும் தனியே வைக்க வேண்டும் என்கிறது. ஆண்களுக்கான பகுதியில் இதற்கு இணையான வரி ஏது? பாலியல் தொழிலாளியிடம் போன ஆணைத் தனித் தொகுதியில் வையுங்கள் என்று எந்தக் கையேடும் எழுதவில்லை. திருடிய பெண்ணுக்கு அருகே பாலியல் தொழில் செய்தவள் படுத்தால் திருடியவள் கெட்டுப்போவாள் என்பது இதன் உட்பொருள். ஆணை அவன் சாதியை வைத்து வகைப்படுத்தினார்கள் என்றால், பெண்ணை அதோடு கூட அவள் ‘நடத்தை’யையும் வைத்து வகைப்படுத்தினார்கள். வெளியே தெருமுனையில் நடப்பதுதான் உள்ளே விதியாகியிருக்கிறது.

கல்வியும் இந்தப் பட்டியலில் ஒரு விசித்திரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சமூக அந்தஸ்து, படிப்பு, வாழ்க்கைப் பழக்கம் இவற்றால் உயர்ந்த வாழ்க்கைமுறைக்குப் பழகியவர் என்று ஒரு கைதியைக் கண்டால் அவருக்கு ‘ஏ’ வகுப்புத் தரலாம் என்ற ஏற்பாடு 1930-களின் காலத்திலிருந்து வருகிறது. கட்டில், மேசை, வேறு உணவு என்று வசதிகள் அதைத் தொடரும். அதாவது வெளியே படித்துவிட்டு வந்தால் படிப்பு ஒரு தகுதி. படிக்காமல் வந்தால் அதே படிப்பு ஒரு சிகிச்சை. படிக்க வைக்கப்படாத பெண்கள்தாம் சிறையில் அதிகம் என்பதால் இந்த இரட்டை நிலையின் சுமை யார்மேல் விழும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனித் திறந்த சிறைக்கு வருவோம். ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் 1963 முதல் ஒன்று நடந்துவருகிறது. சம்பூர்ணானந்த் என்பவர் பெயரில் அமைந்த முகாம். இதைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் ‘திறந்தவெளிச் சிறை’ என்றதும் நமக்குத் தோன்றும் சிறைப் பண்ணை வேறு, இது வேறு. இங்கே கைதிகள் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். குடிசையோ வீடோ தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சோறு சிறை போடாது, அவரவர் உழைத்துச் சாப்பிட வேண்டும். காலையில் ஆஜர் எடுப்பார்கள், மாலையில் எடுப்பார்கள். இடைப்பட்ட நேரத்தில் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் போய்க் கொத்து வேலையோ வண்டி ஓட்டுவதோ எதுவோ செய்து சம்பாதிக்கலாம். உள்விவகாரங்களைக் கைதிகள் தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து பார்த்துக்கொள்கிறது. சில நூறு கைதிகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்களே இருக்கிறார்கள். தப்பிப்போவது அரிது.

இதில் வேலையின் இடம் கவனிக்கத்தக்கது. மூடிய சிறையில் வேலை என்பது சிறை கொடுப்பது, சிறை கூலி நிர்ணயிப்பது. திறன் உள்ளவர், பாதித் திறன் உள்ளவர், திறனற்றவர் என்று அங்கேயும் ஒரு வகைப்பாடு. 1998-இல் குஜராத் வழக்கில் கைதிகளுக்கும் நியாயமான கூலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், வெளிச்சந்தைக் கூலிக்கும் சிறைக் கூலிக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. சாங்கானேரில் கைதி வேலை தேடி, முதலாளியிடம் பேரம் பேசி, ஏமாந்து, மறுபடி தேடி, மாசக் கடைசியில் அரிசி வாங்குகிறார். விடுதலையான மறுநாள் என்ன செய்ய வேண்டுமோ அதைச் சிறைக்குள் இருந்தபடியே செய்கிறார். சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்குமானால் இதுதான் அதற்கு மிக நெருக்கமானது என்பேன்.

பெண்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மிகச் சிலர். பல மாநில விதிகள் பெண்களைத் திறந்த சிறைக்குத் தகுதியற்றோர் பட்டியலில் நேரடியாகவே வைத்திருந்தன. மகாராஷ்டிரத்தில் எரவாடாவிலும் கேரளத்தில் பூஜப்புரையிலும் பெண்களுக்கென்று திறந்த சிறைகள் வந்தது இந்த நூற்றாண்டில்தான். தடை விதிக்கும் வரியை நீக்கிவிட்டால் போதுமா? போதாது. அதைக் காட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்கிறேன். கற்பனைதான், ஆனால் அவளைப் போன்றவர்கள் எந்த மகளிர் சிறையிலும் இருப்பார்கள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. குடித்துவிட்டு வந்து அடித்த கணவனை ஒருநாள் இரவு அம்மிக்குழவியால் அடித்துவிட்டாள். அவன் செத்துப்போனான். ஆயுள் தண்டனை. முதல் குற்றம், சிறையில் நன்னடத்தை. சாங்கானேர் போன்ற முகாமுக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருக்க வேண்டும். ஆயுள் தண்டனையை இருபது ஆண்டாகக் கணக்கிட்டால் அது ஆறு ஆண்டு எட்டு மாதம். அந்த நாள் வருகிறது. இதுவரை ஆணுக்கும் அவளுக்கும் வேற்றுமை இல்லை.

அடுத்து, குடும்பத்தோடு வசிக்கும் சிறை என்றால் வருவதற்குக் குடும்பம் வேண்டும். கொலை செய்த ஆணுக்கு மனைவி பெரும்பாலும் காத்திருக்கிறாள். சோறு கட்டிக்கொண்டு நேர்காணலுக்கு வருகிறாள், முகாமுக்கும் மூட்டை கட்டுகிறாள். இவளுடைய குடும்பம் எது? கணவன் செத்துப்போனான், அதற்காகத்தான் அவள் உள்ளே இருக்கிறாள். மாமியார் வீடு எதிர்த்தரப்புச் சாட்சி. அண்ணன் முதல் ஆண்டு இரண்டுமுறை வந்தார், பிறகு அவர் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டார். பரோலுக்கே ஜாமீன் நிற்க ஆளில்லை. பரோல் மனு போனால் உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை வர வேண்டும். ஊரில் எதிர்ப்பு இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். பரோலில் போய்ச் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்திருக்கிறாள் என்ற பதிவுதான் திறந்த சிறைக்கு அனுப்பலாம் என்ற நம்பிக்கையை அதிகாரிக்குத் தரும். பரோலே கிடைக்காதவளுக்கு அந்தப் பதிவு எங்கிருந்து வரும்? ஒரு கதவைத் திறக்காததற்கு இன்னொரு கதவு திறக்காததே காரணமாகிறது. எந்த இடத்திலும் ‘பெண் கூடாது’ என்று யாரும் எழுதவில்லை.

குழந்தைக்கு வருவோம். 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி தாயோடு சிறையில் குழந்தை ஆறு வயது வரை இருக்கலாம். ஆறு முடிந்தால் உறவினரிடமோ இல்லத்திலோ விட வேண்டும். அவள் சிறைக்கு வந்தபோது மகனுக்கு ஒரு வயதும் சில மாதமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த முகாமுக்கு அவள் தகுதி பெறும் ஆறு ஆண்டு எட்டாவது மாதத்தில் அவனுக்கு எட்டு வயதை நெருங்கும். அவன் அவளை விட்டுப் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். சாங்கானேரில் கைதிகளின் பிள்ளைகள் பெற்றோரோடு இருந்து பள்ளிக்குப் போகிறார்கள். இந்த இரண்டு விதிகளையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டல் கழித்தல் போட்ட அதிகாரி ஒருவராவது இருந்திருந்தால், குழந்தையோடு வரும் தாய்க்குத் தகுதிக் காலத்தை முன்னால் கொண்டுவருவது பெரிய காரியமாக இருந்திருக்காது. மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு ஆணின் தண்டனைக்கு ஏற்ற கணக்கு. தாயின் காலண்டர் வேறு.

எதிர்வாதம் ஒன்றுண்டு, நியாயமானதுதான். மொத்தக் கைதிகளில் பெண்கள் சுமார் 4 விழுக்காடு. அவர்களிலும் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள், திறந்த சிறை அவர்களுக்குப் பொருந்தாது. சொற்பப் பேருக்காகத் தனி முகாம் எப்படி நடத்துவது என்று கேட்கிறார்கள். பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்கிறார்கள். முதலாவதற்கு என் பதில், தனி முகாம் கட்டுவதை விட, இருக்கும் முகாமுக்குப் பக்கத்தில் பத்து வீடு போதும் என்பது. இரண்டாவதற்குப் பதில் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. ஆண் ஓடிவிடுவான் என்று ஆணைப் பூட்டுகிறார்கள். பெண்ணை யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பெண்ணைப் பூட்டுகிறார்கள். செய்கிறவனைப் பூட்டும் யோசனை இந்த உரையாடலில் கடைசிவரை வருவதில்லை.

எண்ணிக்கை குறைவு என்பதே வகைப்படுத்துதலையும் பொய்யாக்குகிறது. ஆண்களுக்கு மத்தியச் சிறை, மாவட்டச் சிறை, கிளைச் சிறை, திறந்த சிறை என்று பல தட்டுகள். வகைப்படுத்தினால் அனுப்ப இடம் இருக்கிறது. பெண்களில் பெரும்பாலோர் பொதுச் சிறையின் ஒரு மூலையில் மதில் வைத்து மறித்த பகுதியில் இருக்கிறார்கள். விசாரணைக் கைதியும் ஆயுள் கைதியும் கர்ப்பிணியும் மனநோயாளியும் அதே முற்றத்தில். காகிதத்தில் அவளை எப்படி வகைப்படுத்தினாலும் அவள் போகக்கூடிய இடம் ஒன்றே. அந்த முற்றத்துக்குத் தையல் மெஷின் வரும். எம்பிராய்டரி வரும், ஊதுபத்தி வரும், அழகுக்கலைப் பயிற்சி வரும். தையலை நான் இழிவாக நினைக்கவில்லை, என் அம்மா தைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். ஆனால் ஆண் சிறையில் அச்சகமும் தச்சுப்பட்டறையும் பெண் சிறையில் ஊசிநூலும் என்று பிரிப்பவர் எதைத் திருத்துகிறார்? குற்றத்தையா, அவள் குடும்பப் பெண்ணாக இல்லாமல் போனதையா?

அதனால்தான் சென்னை புழல் மகளிர் தனிச்சிறை சார்பில் 2023 ஆகஸ்டில் தொடங்கிய பெட்ரோல் பங்க்கை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தண்டனைக் கைதிகளான பெண்களே அதை நடத்துகிறார்கள். ஆண் கைதிகள் நடத்தும் பங்க்குகள் தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு. இது பெண்கள் கைக்கு வந்தது அப்போதுதான். இங்கே அவர்கள் கையாள்வது பணம், கணக்கு, எந்திரம், அறிமுகமில்லாத ஆண்கள். ‘பெண்களுக்கு ஏற்ற தொழில்’ என்ற பட்டியலில் இது நான்கும் இல்லை. சாலையோரத்தில் நாள் முழுவதும் நிற்கிற பெண் கைதியால் பாதுகாப்புக்கு என்ன பங்கம் வந்தது என்று, திறந்த சிறையை மறுப்பவர்களிடம் இனிக் கேட்கலாம்.

கேள்விகள் இங்கேயும் மிச்சம். இதற்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தக் கட்டம் பார்க்கப்படுகிறது? ‘வழக்கக் குற்றவாளி’ என்று முத்திரை விழுந்தவளுக்கும், பாலியல் தொழில் வழக்கில் வந்தவளுக்கும் இடம் உண்டா? விடுதலையான பிறகு, இதே நிறுவனத்தின் இன்னொரு பங்க் அவளுடைய அனுபவச் சான்றைப் பார்த்து வேலை தருமா, அல்லது அந்தச் சான்றில் சிறையின் பெயர் இருப்பதாலேயே மடித்துக் கொடுத்துவிடுமா? பங்க்கில் வேலை முடிந்தால் சாங்கானேர் ஆண் தன் குடிசைக்குப் போவதுபோல் அவள் போவதில்லை. ஆஜர் எடுத்து, சோதனை போட்டு, அதே முற்றத்துக்குத் திரும்புகிறாள். ஊதியம் அவள் கணக்கில் ஏறும். மகன் எங்கோ ஒரு இல்லத்தில் இருப்பான்.

அந்த மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளே எழுதிக்கொண்டு வந்தாள். அவள் எழுதிய கதையில் தரிசு நிலத்துக்கு ஏழாவதாக ஒரு பெண்ணும் போகிறாள். முதல் நாளே ஆறு பேரும் அவளைச் சமைக்கச் சொல்கிறார்கள். அதிகாரியும் அதைச் சரி என்கிறார். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறாள். அன்று ராத்திரி யாருக்கும் சோறில்லை.